காய்ச்சல் நாளுக்கு ஒரு சர்க்கரை அட்டை: எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது

சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "ஒன்றுமே சாப்பிடவில்லையே, மாத்திரை போட்டால் மயக்கம் வந்துவிடும்" என்று ஒருவர் சொல்வார். "மாத்திரையை விட்டால் சர்க்கரை ஏறிவிடும், எப்படியாவது விழுங்கு" என்று இன்னொருவர் சொல்வார். தாலுகா மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்த நான் இந்த இரண்டு பேச்சையும் படுக்கை ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைத் தீர்மானிப்பது அவர் உட்கொள்ளும் மருந்தின் பெயர். நள்ளிரவில், வாந்திக்கு நடுவில், அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓர் அட்டை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அட்டை அஞ்சலட்டை அளவில் இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் மருந்துகள், மறுபக்கத்தில் அளக்க வேண்டியவையும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளும். முதலில் நீங்கள் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதை நீட்டி, திருத்தி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் பொதுவான விதிகள். உங்கள் சிறுநீரகமும் இதயமும் எப்படி இருக்கின்றன என்பதைத் தெரிந்தவர் உங்கள் மருத்துவர்தான்.

முதல் வேலை: மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரைகள், தனியார் மருத்துவர் எழுதித் தந்தவை, ரத்த அழுத்த மாத்திரை, மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கியது எல்லாம் இருக்கட்டும். பளபளக்கும் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைத்தான் அட்டையில் எழுத வேண்டும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று வரும் மாத்திரைகளில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும்: ஒன்று மெட்ஃபார்மின், இன்னொன்று கிளிமிபிரைடு. எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம் அளவைக் குறிக்கும். "ஒரே ஒரு சர்க்கரை மாத்திரைதான் போடுகிறேன்" என்று சொல்பவர் உண்மையில் இரண்டு மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பொடி எழுத்து தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது மருந்துக் கடைக்காரரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அட்டையின் முதல் வரி ஒரு கேள்வி

"சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறதா?" இதுதான் அந்த வரி. காய்ச்சல் இருக்கிறது, ஆனால் இரண்டு இட்லி இறங்குகிறது, தண்ணீர் குடிக்கிறார், வாந்தியோ பேதியோ இல்லை என்றால் பெரும்பாலான மாத்திரைகளை வழக்கம்போலத் தொடரலாம். சர்க்கரையை மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். வாந்தி, பேதி, அல்லது வழக்கமான சாப்பாட்டில் பாதிகூட இறங்காத நிலை என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு தனி விதி.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு ஆகியவை கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பிடாதவர் இதைப் போட்டால் சர்க்கரை 50க்கும் 40க்கும் கீழே இறங்கலாம். "லங்கனம் பரம ஔஷதம்" என்று காய்ச்சலுக்குப் பட்டினி போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடப்பது ஆபத்து. சாப்பிட முடியாத வேளையில் இதை நிறுத்தி வைக்க வேண்டும். பாதி சாப்பிடுகிறார் என்றால் அளவைக் குறைப்பதா, விடுவதா என்பதை மருத்துவர் அட்டையில் எழுதித் தரட்டும்.

மெட்ஃபார்மின் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் வரவைப்பது அரிது. ஆனால் வாந்தி பேதியில் உடம்பு வறண்டு சிறுநீரகம் சோர்ந்தால் இந்த மருந்து வெளியேறாமல் தேங்கும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். எனவே வாந்தி பேதியில் இதுவும் நிற்கட்டும்.

பெயர் "ஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகளை, அதாவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை, அட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். 2020 அக்டோபரில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்த பிறகு விலை சரிந்து, இன்று மிகப் பலர் இதைச் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான். இது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. சாப்பாடும் நின்று, சர்க்கரையும் வெளியேறிக்கொண்டிருந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் கூடும். குளுக்கோமீட்டர் 200 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ரத்தம் புளித்துக்கொண்டிருக்கலாம். சாப்பாடு குறைந்த முதல் வேளையிலேயே இதை நிறுத்த வேண்டும்.

டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளும், ஃப்யூரோசிமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் மாத்திரைகளும் வறண்ட உடம்பில் சிறுநீரகத்துக்குச் சுமை. வெறும் காய்ச்சலுக்கு இவற்றை விட வேண்டாம். வாந்தி பேதி தொடரும்போது மருத்துவரைக் கேட்டு ஓரிரு நாள் நிறுத்தலாம். இதயம் பலவீனமானவர் நீர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அந்த வரியின் எதிரே "முதலில் தொலைபேசியில் கேள்" என்று எழுதிவிடுங்கள்.

இன்சுலின் மட்டும் வேறு கதை. அதை முழுமையாக நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும். ஒரு வாய் சாப்பிடாமலே சர்க்கரை ஏறுவது இதனால்தான். பெரும்பாலும் சிறுவயதிலேயே வரும் முதல் வகை நோய் உள்ளவர், சாப்பிடவில்லை என்று ஒரு நாள் ஊசியை விட்டால் அன்று இரவே உயிருக்குப் போராடும் நிலை வரலாம். நாள் முழுக்க வேலை செய்யும் கிளார்ஜின் போன்ற இன்சுலினைத் தொடர வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் விரைவு இன்சுலின் சாப்பாட்டையும் சர்க்கரை எண்ணையும் பொறுத்தது. நம் ஊரில் அதிகம் பேர் போடும் 30/70 கலவை இன்சுலினில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் அதற்குள் இரண்டும் கலந்திருக்கின்றன. "சாப்பிட முடியாத நாளில் சர்க்கரை 150க்குக் கீழே இருந்தால் எத்தனை யூனிட், 150க்கும் 300க்கும் இடையில் எத்தனை, 300க்கு மேல் எத்தனை?" என்று மருத்துவரிடம் கேட்டு மூன்று எண்களை அட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த எண்களை நீங்களாகவோ நானாகவோ இட்டு நிரப்பக் கூடாது.

கடைசியாக, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்கு எதிரே பெருக்கல் குறி போடுங்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பவை. டெங்கு காய்ச்சலாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவையும் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

எதை, எப்போது அளப்பது

மாத்திரை மட்டும் சாப்பிடுபவர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, இன்சுலின் போடுபவர் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, முதல் வகை நோயாளி இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். இரவிலும் பார்க்க வேண்டும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும். குளுக்கோஸ் கரைத்த கையோடு பார்த்து 380 என்று பயந்து வந்தவர்கள் உண்டு. கழுவிப் பார்த்தால் 160.

இன்சுலின் போடுபவரும் ஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுபவரும் சிறுநீர் கீட்டோன் பட்டை ஒரு டப்பா வாங்கி வைத்திருங்கள். புதுச் சிறுநீரில் நனைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நொடிகள் கழித்து நிறத்தை ஒப்பிட வேண்டும். லேசான நிறமாற்றம் என்றால் திரவத்தைக் கூட்டி இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு கூட்டல் குறியோ அதற்கு மேலோ என்றால் மருத்துவமனை. ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவி உள்ளவர்களுக்கு 1.5 அந்த எல்லை. 3 தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஒவ்வோர் எண்ணையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். கூடவே எவ்வளவு குடித்தார், எத்தனை முறை வாந்தி, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதையும். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்விகள் இவைதான்.

என்ன குடிப்பது

மணிக்கு ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஐந்து நிமிடத்துக்கு இரண்டு தேக்கரண்டி என்று ஆரம்பிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால் அது அப்படியே திரும்பி வரும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு நாளைக்கு எவ்வளவு என்ற எல்லையை மருத்துவர் அட்டையில் எழுதியிருக்க வேண்டும்.

சர்க்கரை 250க்கு மேல் இருந்தால் வெந்நீர், உப்புப் போட்ட நீர்மோர், தெளிந்த ரசம். அதற்குக் கீழே இருந்து சாப்பாடும் இறங்கவில்லை என்றால் அரிசிக் கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கரைசல். பலர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பார்த்ததும் "இதில் குளுக்கோஸ் இருக்கிறதே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு டம்ளருக்கு மூன்று கிராமுக்கும் குறைவு. உப்பைக் குடல் உறிஞ்சுவதற்கு அந்தக் குளுக்கோஸ் தேவை. பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்கப்படும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. அந்தக் கலவை விகிதத்தில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை நம்பி நாள் முழுக்கக் குடிக்க வேண்டாம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சமையல் சர்க்கரையைவிடக் குளுக்கோஸ் பொடியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சமையல் சர்க்கரை குடலில் மெதுவாகத்தான் உடையும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிட்டவருக்கு 70க்குக் கீழே போய் மீண்டாலும் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. அந்த மருந்து ஒரு நாளுக்கும் மேலாக உடம்பில் நின்று மறுபடி மறுபடி இழுக்கும். அவர் சாப்பிடவும் முடியாமல் இருந்தால் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதுதான் சரி.

எப்போது கிளம்புவது

அட்டையின் மறுபக்கத்தில், தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக இதை எழுதுங்கள்:

> நான்கு மணி நேரமாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை
> சர்க்கரை 300க்கு மேல், நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை
> சர்க்கரை 70க்குக் கீழே, கொடுத்தும் ஏறவில்லை அல்லது மறுபடி இறங்கியது
> கீட்டோன் இரண்டு கூட்டல் குறி அல்லது மேல்
> மூச்சு வேகமாக, ஆழமாக வாங்குகிறது
> வயிற்று வலி விடாமல் இருக்கிறது
> தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஆளை அடையாளம் தெரியாமை
> எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை
> காலில் புண், அதோடு காய்ச்சல்
> நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத வியர்வை
> கர்ப்பிணி, அல்லது முதல் வகை நோயுள்ள குழந்தை வாந்தி எடுக்கிறது

வியர்வை பற்றி ஒரு வார்த்தை. நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலி இல்லாமலே வரலாம். வாந்தியும் வியர்வையும் களைப்பும் மட்டும் இருக்கும். "வாயு" என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், டெங்குப் பரிசோதனைக்குப் போங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் தமிழ்நாட்டில் 104ல் ஆலோசனை கேட்கலாம்.

என் பெரியம்மாவின் ஒரு நாள்

பெரியம்மாவுக்கு வயது 64. காலையில் டாபாகிளிஃப்ளோசின் 10, இரு வேளை எம்2 மாத்திரை, அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று. ஒரு கார்த்திகை மாதக் காலையில் காய்ச்சல் 101. ஆறு மணிக்குள் இரண்டு முறை வாந்தி. அட்டை சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. சர்க்கரை 186. "நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொள்கிறேன்" என்றார். அட்டையைக் காட்டி டாபாகிளிஃப்ளோசினையும் எம்2வையும் நிறுத்தினோம். அழுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டதில் அன்றைக்கு வேண்டாம் என்றார்.

பத்து மணிக்கு 214. அரை டம்ளர் கஞ்சி குடித்து, கால் மணி நேரத்தில் வெளியே எடுத்தார். இரண்டு மணிக்கு 248, கீட்டோன் ஒரு கூட்டல் குறி. தேக்கரண்டி தேக்கரண்டியாக ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம். நான்கு மணிக்கு சர்க்கரை 231க்கு இறங்கியது. பெரியப்பா, "குறைகிறது பார்" என்று சந்தோஷப்பட்டார். ஆனால் பட்டையின் நிறம் கருஞ்சிவப்புக்குப் போயிருந்தது, மூன்று கூட்டல் குறி. பெரியம்மா கட்டிலில் சாய்ந்தபடி, ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுவிட்டு வரலாம் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். அப்படிப் போடும் ஊசியில் சில நேரம் ஸ்டீராய்டு இருக்கும், அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் சர்க்கரை 226 என்று பார்த்துவிட்டு முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்தார். அட்டையை நீட்டி, "டாபாகிளிஃப்ளோசின், கடைசியாக நேற்றுக் காலை எட்டு மணி, கீட்டோன் மூன்று கூட்டல்" என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. உடனே ரத்தத்தில் அமில அளவு பார்த்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இன்சுலினையும், உப்புத் திரவத்தையும், கூடவே குளுக்கோஸையும் சேர்த்தே ஏற்றினார்கள். "சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களே" என்று பெரியப்பா பதறினார். இந்த நிலையில் கீட்டோனைக் கரைக்க இன்சுலின் வேண்டும், இன்சுலினால் சர்க்கரை தாழாமல் இருக்கக் குளுக்கோஸ் வேண்டும் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார்.

திரும்ப ஆரம்பிப்பது

நிறுத்திய மருந்தை மறந்தே போவது இன்னொரு ஆபத்து. அட்டையில் "நிறுத்திய தேதி", "ஆரம்பித்த தேதி" என்று இரண்டு கட்டங்கள் போட்டுவையுங்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு, அடுத்த வேளையிலிருந்து பழைய அளவில் மெட்ஃபார்மினையும் மற்றவற்றையும் ஆரம்பிக்கலாம். விட்ட வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. மருத்துவமனையில் படுத்து வந்தவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். பெரியம்மாவுக்கு டாபாகிளிஃப்ளோசினை மருத்துவர் மறுபடி எழுதவே இல்லை. அட்டையில் அந்த வரியை அடித்து, "இனி வேண்டாம்" என்று பக்கத்தில் அவரே எழுதிக் கையெழுத்திட்டார்.

அட்டையோடு ஒரு டப்பாவும் சேர்த்து வையுங்கள்: குளுக்கோமீட்டர், காலாவதியாகாத பட்டைகள், வெப்பமானி, கீட்டோன் பட்டை, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குளுக்கோஸ் பொடி, பாராசிட்டமால். மாத்திரை மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்ற வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் அட்டையின் ஒரு படம் வெளியூரில் இருக்கும் பிள்ளையின் கைப்பேசியிலும், ஒரு நகல் பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும்.